கையால் வனைந்த மண்சட்டி: அவசரமில்லாத சமையலுக்கு அது ஏன் ஒத்துப்போகிறது

சூளையிலிருந்து எடுத்து ஆறிய புதுச் சட்டி ஒன்றை ஒரு வாளித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கிப் பாருங்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், சுவர் முழுவதிலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் செம்மண் நிறம் அடர்ந்துவிடும். சட்டிக்குள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த காற்று வெளியேறுகிறது, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது, அவ்வளவுதான் நடப்பது. ஆனால் மண்சட்டியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பார்க்கக் கெட்டியாகத் தெரிகிற அந்தச் சுவர் உள்ளுக்குள் நுண்ணிய இடைவெளிகளால் ஆனது. சட்டி மெதுவாகச் சூடாவது, அடுப்பு தாங்குவது, சில நேரம் விரிசல் விடுவது, சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது என்பது எல்லாமே அந்த இடைவெளிகளிலிருந்தும் அந்தச் சுவரின் கனத்திலிருந்தும்தான் வருகிறது.

நான் சட்டி வனைகிறவன். வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், இதில் சமைத்தால் என்ன வித்தியாசம் என்று. ஒரே வரியில் பதில் சொன்னால் நம்புகிறார்கள், ஆனால் வீட்டுக்குப் போய்த் தப்பாகப் புழங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சட்டி எப்படி உருவாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் அடுப்பில் அது என்ன செய்கிறது என்பது புரியும்.

சமையல் சட்டிக்கு வெறும் களிமண் போதாது. நல்ல வழவழப்பான களிமண்ணை மட்டும் வைத்து வனைந்தால் சக்கரத்தில் அருமையாக எழும்பும், பார்க்கவும் அழகாக இருக்கும், ஆனால் அடுப்பில் ஏற்றிய சில நாளில் வெடித்துவிடும். அதனால் சலித்த மணலைச் சேர்த்து மிதிக்கிறோம். என் மண்ணுக்கு நாலு பங்குக்கு ஒரு பங்கு மணல் சரியாக வருகிறது, வேறு மண்ணுக்கு இந்தக் கணக்கு மாறும். மணல் சேர்த்த மண் சக்கரத்தில் சுற்றும்போது உப்புத்தாள் மாதிரி விரலைத் தேய்க்கும், ஒரு நாள் முழுக்க வனைந்தால் விரல் நுனித் தோல் மெலிந்து சிவந்துவிடும். அப்படியும் மணலைக் குறைக்க மனம் வராது, ஏனென்றால் சட்டியின் ஆயுள் அந்த மணலில்தான் இருக்கிறது.

மணல் என்ன செய்கிறது என்றால், அது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கல்லின் பொடி. குவார்ட்ஸுக்கு ஒரு குணம் உண்டு. 573 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது சட்டென்று உப்பும், திரும்ப ஆறி அந்த டிகிரிக்குக் கீழே வரும்போது சட்டென்று சுருங்கும். சூளையில் சட்டி ஆறும்போது ஒவ்வொரு மணல் துணுக்கும் இப்படிச் சுருங்குவதால் அதைச் சுற்றி மயிரிழையிலும் மெல்லிய ஓர் இடைவெளி விழுகிறது. சுவர் முழுக்க இப்படி லட்சக்கணக்கில் இடைவெளிகள். பின்னாளில் அடுப்பில் எங்கேயாவது ஒரு விரிசல் கிளம்பினால், அது ஓடி வரும் வழியில் இந்த இடைவெளிகளில் ஒன்றில் முட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. தகட்டில் விரிசல் ஓடாமல் இருக்க அதன் முனையில் ஒரு வட்ட ஓட்டை போடுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதிகச் சூட்டில் சுட்டால் சட்டி இன்னும் பலமாகும், அதனால் அடுப்புக்கு இன்னும் நல்லது என்று நினைப்பார்கள். பலமாவது உண்மை. ஆனால் 1200 டிகிரிக்கு மேல் போனால் மண் பாதி கண்ணாடி மாதிரி இறுகி, இடைவெளிகள் அடைபட்டு, கெட்டியான பீங்கான் ரகமாகிவிடும். அதில் சாப்பிடலாம், ஊறுகாய் போடலாம், நேரடித் தீயில் வைத்தால்தான் படீரென்று பிளக்கும். தீயில் ஏற்றுவதற்கென்றே தனி மண்கலவையில் செய்கிற சட்டிகள் இருக்கின்றன, அது வேறு கதை. நாங்கள் சாதாரண மண்ணில் செய்கிற சமையல் சட்டியை 800 டிகிரியை ஒட்டி நிறுத்திவிடுகிறோம். மண் திரும்பவும் கரையாத அளவுக்கு வெந்திருக்கும், ஆனால் இடைவெளிகள் அப்படியே இருக்கும்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். 2 லிட்டர் பிடிக்கிற ஒரு சட்டிக்கு ஈர மண் இரண்டரைக் கிலோ எடுத்துக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தி, குழித்து, சுவரைத் தூக்குவதற்கு முன்னால் அடிப்பாகத்தை விரலால் நடுவை நோக்கி நான்கைந்து முறை அழுத்தி இறுக்குவேன். இதைச் செய்யாமல் விட்டால் காயும்போது அடியில் ஆங்கில S எழுத்து மாதிரி வளைந்த ஒரு விரிசல் விழும், அது அடியில் மண் சரியாக இறுகவில்லை என்பதற்கான கையெழுத்து. பிறகு சுவரை இரண்டு கை விரல்களுக்கு நடுவில் வைத்து மேலே இழுக்கிறோம். உள்ளே தடவிப் பார்த்தால் விரல் ஏறிய தடம் சுருள் சுருளாகத் தெரியும். கையால் வனைந்ததா, அச்சில் அழுத்தியதா என்று கண்டுபிடிக்க இதுவே எளிய வழி.

சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது அடி தட்டையாகத்தான் இருக்கும். அதை அப்படியே விட்டால் அடியும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு மூலை நிற்கும், அங்கே மண் தடித்தும் இருக்கும். சூடு ஏறும்போது தடித்த இடமும் மெல்லிய இடமும் வெவ்வேறு வேகத்தில் விரிவதால் இழுபறி எல்லாம் அந்த மூலையில்தான் வந்து சேரும், சட்டி அங்கேதான் முதலில் போகும். அதனால் அரை ஈரமாக இருக்கும்போது உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுகிறோம். மூலை மறைந்துவிடும், சுவரும் அடியும் ஏறக்குறைய ஒரே கனத்துக்கு, 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு வந்துவிடும், தட்டத் தட்ட மண்ணும் இறுகும். உருண்டை அடி என்றால் தீ அதை அணைத்துக்கொண்டு பக்கவாட்டிலும் ஏறும். அச்சில் செய்தவை எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்ல மண்ணில் கவனமாகச் செய்தவையும் உண்டு. ஆனால் தட்டை அடியும் கூர்மையான மூலையுமாக இருக்கிற சட்டியை நேரடித் தீயில் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி அடுப்பு. மண்சட்டி சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. சூட்டைப் பரப்புவதில் உலோகம்தான் கெட்டிக்காரன், சுட்ட மண்ணைவிட அலுமினியம் நூறு மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மண் செய்வது நேர் எதிரான வேலை, அது சூட்டைத் தடுத்துத் தடுத்து அனுப்புகிறது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் தீ பட்டால் அடுத்த நொடியே உள்ளே இருக்கிற பருப்புக்கு அது தெரிந்துவிடும். மண்சட்டியில் 7 மில்லிமீட்டர் சுவரைத் தாண்டி அந்தச் செய்தி உள்ளே போய்ச் சேர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். தீ கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், காற்றில் ஆடினாலும், உள்ளே கொதி ஒரே சீராக இருப்பது அதனால்தான். அடுப்புக்கும் உணவுக்கும் நடுவில் நிதானமான ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு, வருகிற சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிற மாதிரி.

இது எந்தச் சமையலுக்கு உதவும்? மெல்ல வேக வேண்டியவை எல்லாவற்றுக்கும். பயறு வகைகள், கிழங்குகள், எலும்போடு இருக்கிற இறைச்சி. இறைச்சியில் இருக்கிற கெட்டியான நார்ப்பகுதி, கொலாஜன் என்பார்கள், இளகிக் கூழாவதற்குத் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நீண்ட நேரம் இருந்தால் போதும். கொதி அதிகமானால் அது வேகமாக வெந்துவிடப் போவதில்லை, மேலே இருக்கிற தசை மட்டும் இறுகி வறண்டுபோகும். பயறும் அப்படித்தான், குமுறிக் கொதித்தால் தோல் கழன்று ஓடும், உள்ளே மாவு இன்னும் வேகாமல் இருக்கும். சின்னச் சின்னக் குமிழி மட்டும் எழும்புகிற அந்த நிலையை மணிக்கணக்கில் பிடித்துவைப்பதுதான் மெதுவான சமையலின் முழு வித்தையும், மண்சட்டிக்கு அது இயல்பாகவே வருகிறது.

ஒரு முறை செய்து பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். கால் கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, பழகிய 2 லிட்டர் சட்டியில் போட்டு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அறைச்சூட்டில் இருக்கட்டும், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது வேண்டாம். சட்டியின் வெளிப்பக்கம் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, அடுப்பில் வைத்து முதல் ஐந்து நிமிடம் மிகச் சிறிய தீ. சட்டி முழுக்க வெதுவெதுப்பு ஏறியதைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம், மேல் விளிம்பு லேசாகச் சுடும். அதன்பிறகு தீயை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம், தீ நாக்கு அடியை விட்டு வெளியே நீண்டு சுவரை நக்கக் கூடாது. கொதி வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். உலோகப் பாத்திரத்தில் பத்து நிமிடத்தில் வந்திருக்கும், பொறுமை இழக்கிறவர்கள் தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான், சட்டி விரிசல் விடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கொதி வந்ததும் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொண்டைக்கடலைக்கு இது நுரை எடுக்கத்தான், ஆனால் ராஜ்மா என்றால் இது கட்டாயம். வேகாத ராஜ்மாவிலும் அரைகுறையாக வெந்த ராஜ்மாவிலும் வயிற்றைப் புரட்டுகிற ஒரு நச்சுப் புரதம் உண்டு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முழுக் கொதியில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வெந்தால்தான் அது அழியும். கொதிக்கவே விடாமல் மெல்லிய சூட்டிலேயே வைத்திருந்தால் அழியாது. மெதுவான சமையல் என்றால் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதன்பிறகு தீயை அடுப்பு அனுமதிக்கிற மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து, மூடியைச் சற்றே சாய்த்து மூடிவிடலாம். குறைத்தவுடன் கொதி அடங்கவில்லையே என்று பதற வேண்டாம், அந்த ஒன்றிரண்டு நிமிடக் கணக்கை நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் துளி கெட்டியாக இருந்தால் அதுவே அணைப்பதற்குச் சரியான நேரம். உப்பைப் போட்டு, அடுப்பை அணைத்து, இப்போது மூடியை முழுக்க மூடிவிடுங்கள். தீ அணைந்த பிறகும் குமிழி கொஞ்ச நேரம் எழும்பிக்கொண்டிருக்கும், சட்டியின் அடி வெளிப்பக்கம் உள்ளே இருக்கிற தண்ணீரைவிட மிகவும் சூடாக இருப்பதால் அங்கே தேங்கிய சூடு இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் திறக்காமல் விட்டால் அந்த நடுக் கெட்டியும் போய், தோல் உரியாமல், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். பழைய கடலை என்றால் இன்னும் நேரம் எடுக்கும், அதற்குச் சட்டி பொறுப்பில்லை.

மண்சட்டி பல மணி நேரம் சூட்டைத் தாங்கும் என்பதும் கொஞ்சம் மிகைதான். ஒரே எடை மண்ணும் அலுமினியமும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் பிடித்துவைக்கும். மண்சட்டி ஒன்றே முக்கால் கிலோ இருக்கிறது, அதன் அளவுள்ள மெல்லிய பாத்திரம் அரைக் கிலோ இருக்கிறது, வித்தியாசம் அந்தக் கனத்தில்தான். அரை மணி, முக்கால் மணி நேரம் என்றால் நான் உத்தரவாதம் கொடுப்பேன், அதற்கு மேல் மூடியையும் உள்ளே இருக்கிற அளவையும் பொறுத்தது. மண் காரத்தன்மை உள்ளது, புளிப்பைச் சமன்படுத்தும் என்று சொல்வதையும் நான் சொல்வதில்லை. சுட்ட மண் உணவில் அப்படிக் கரைந்து கலக்காது. புளிப்பு விஷயத்தில் மண்சட்டிக்கு இருக்கிற உண்மையான நன்மை எளிமையானது, சாதாரண அலுமினியமும் இரும்பும் புளிப்போடு வினை புரிந்து உலோக வாடையைக் கொடுக்கும், சுட்ட மண் அப்படிச் செய்யாது.

எங்கே ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் புகைய புகைய வதக்குவது, வெறும் சட்டியைக் காயவைத்து எதையாவது போடுவது, பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய சமையல், இவற்றுக்கெல்லாம் இரும்பு வாணலிதான் சரி. கெட்டியான கூழ் மாதிரி உணவை வைத்தால் மண்சட்டியிலும் அடிப்பிடிக்கும், ஏனென்றால் சூடு பக்கவாட்டில் பரவாது, தீ படுகிற வட்டத்துக்கு நேர் மேலேயே நிற்கும். மரக்கரண்டியால் அவ்வப்போது அடியோடு கிளறிக்கொடுக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு மண்ணைச் சூடாக்கவே செய்யாது, அது உலோகத்தில்தான் வேலை செய்யும்.

இனி புதுச் சட்டியைப் பழக்குவது. இதை ஒரு சடங்கு மாதிரி நினைக்கிறவர்கள் உண்டு, தேவையில்லாத வேலை என்று விடுகிறவர்களும் உண்டு. இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பழக்காத சட்டியில் தண்ணீர் வைத்தால் அது சுவர் வழியாகக் கசிந்து வெளியே வந்து, அங்கே ஆவியாகிப் போகும். ஆவியாக நிறையச் சூடு வேண்டும், அந்தச் சூட்டை அது சட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். குடிதண்ணீர்ப் பானை தண்ணீரைக் குளிரவைப்பது இதே காரணத்தால்தான். பானைக்கு வரமாக இருப்பது சமையல் சட்டிக்குத் தொல்லை, அடுப்பு சூடேற்றச் சூடேற்றச் சுவர் அதைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும், கொதி வர வெகு நேரம் ஆகும். அதனால் இடைவெளிகளை உள்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும், அதற்கு மாவுச்சத்து போதும்.

நான் சொல்கிற முறை இது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவிட்டு, எடுத்து நிழலில் ஒரு நாள் காயவையுங்கள். பிறகு முக்கால் சட்டி அளவுக்கு அரிசி வடித்த கஞ்சியோ, ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று கரண்டி அரிசி மாவு கரைத்ததோ ஊற்றி, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் வைத்து, அப்படியே அடுப்பிலேயே முழுக்க ஆறவிடுங்கள். முதல் முறை வெளிச்சுவரில் ஈரம் திட்டுத்திட்டாகத் தெரியும். கொட்டிக் கழுவிக் காயவைத்து மறுநாள் இன்னொரு முறை. மூன்றாவது முறைக்குள் வெளிச்சுவர் கொதிக்கும்போதும் உலர்ந்தே இருக்கும், சட்டி தயாராகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் கசிந்தால் நாலாவது முறையும் செய்யலாம், தப்பில்லை. உள்ளே புகுந்த மாவு சூட்டில் இளகிக் கூழாகி, காய்ந்து இறுகி, இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. பிறகு நாளாக நாளாகச் சமையலின் எண்ணெயும் அதோடு சேர்ந்து உள்சுவர் கறுத்து வழவழப்பாகும்.

சோப்பு வேண்டாம் என்பதும் இதனால்தான். சோப்புத் தண்ணீர் இடைவெளிக்குள் போனால் அடுத்த சமையலில் வெளியே வரும். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு நாரால் தேய்த்தால் போதும், அடிப்பிடித்திருந்தால் ஒரு கைப்பிடி கல்லுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு நாறினால் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்துக் கொட்டலாம். கழுவியதும் கவிழ்த்து அடைத்து வைக்காமல், காற்றுப் படும்படி சாய்த்துக் காயவையுங்கள், ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரில் வெள்ளையாக மாவு பூத்தது மாதிரி வந்தால் அது பூஞ்சை இல்லை, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற உப்பு கசிந்து காய்ந்தது. நாக்கில் வைத்தால் உவர்க்கும், துடைத்தால் போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஒரு தங்கை சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "அண்ணா, வாங்கி மூணு வாரம்கூட ஆகல, அடியில கசியுது" என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பக்கமாகப் பிறை வடிவத்தில் விரிசல், இரண்டு விரல் நீளம், உள்ளேயும் தெரிந்தது. விளிம்பிலிருந்து கீழே நேராக இறங்கும் விரிசல் என்றால் எங்கேயாவது இடித்திருக்க வேண்டும், அல்லது சட்டியைக் காயவைத்ததில் என் பக்கம் தவறு இருக்க வேண்டும். அடியில் வளைந்து போகிற விரிசல் என்றால் ஒரு பகுதி மட்டும் திடீரெனக் குளிர்ந்திருக்கிறது. "அடுப்பிலேர்ந்து எடுத்து எங்கம்மா வைப்பீங்க?" என்று கேட்டேன். கழுவும் தொட்டிப் பக்கத்தில் இருக்கிற கல்மேடையில்தான் என்றார். அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சூடான உருண்டை அடி ஈரக் கல்லில் படுகிற இடம் மட்டும் சட்டென்று சுருங்குகிறது, அதைச் சுற்றி இருக்கிற மண் இன்னும் விரிந்தே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இழுபட்டுக் கிழிகிறது, பிறை வடிவம் அந்த ஈர வட்டத்தின் ஓரம்தான். கயிறு சுற்றிச் செய்த பிரிமணையோ, மடித்த காய்ந்த துணியோ, மரப்பலகையோ போதும் என்று சொல்லி வேறொரு சட்டி கொடுத்தனுப்பினேன். அது இன்னும் புழங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் தவறும் வாங்குகிறவர்களுடையது இல்லை. சில வருடத்துக்கு முன் புது இடத்திலிருந்து மண் எடுத்தேன், சரியாகச் சலிக்காமல் மிதித்துவிட்டேன். சூளையிலிருந்து சட்டிகள் நன்றாகத்தான் வந்தன. இரண்டு வாரம் கழித்து, அடுக்கி வைத்த இடத்திலேயே, யாரும் தொடாமல், சுவரில் ஆங்காங்கே ரூபாய் அளவுக்குச் சில்லு தெறிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி. மண்ணில் இருந்த சுண்ணாம்புக் கல் துணுக்கு சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கிற மண்ணைத் தள்ளியிருக்கிறது. அந்தச் சூளையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதிலிருந்து புது மண் என்றால் முதலில் ஒரு பிடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார்க்கிறேன், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சட்டி வாங்கும்போது வெள்ளைப் புள்ளியோடு குழி தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது வேறு என்ன பார்க்கலாம் என்றால், சட்டியை ஒரு கையில் உள்ளங்கை மேல் நிறுத்தி விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, டொக்கென்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது அல்லது சரியாக வேகவில்லை. ஈரத்துணியால் உள்ளே அழுத்தித் துடையுங்கள், மண் கரைந்து சேறாக வந்தால் அது வேகாத சட்டி. மண் பூச்சும் கல்லால் தேய்த்த மெருகும் இருந்தால் பரவாயில்லை, பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கியதை வாங்காதீர்கள், நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும், அடுப்பில் வைத்தால் வாடை அடிக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு உள்ளே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குறைந்த சூட்டில் உருகுவதற்காகச் சில இடங்களில் அந்தப் பூச்சில் ஈயம் சேர்ப்பது உண்டு, புளிப்பான உணவில் அது கரைந்து வரும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யார் செய்தது, எதைப் பூசியது என்று தெரியாத பளபளப்புச் சட்டியில் நான் சமைக்க மாட்டேன்.

சட்டி என்றாவது ஒரு நாள் விரிசல் விடத்தான் செய்யும். விளிம்பில் சின்னதாக இருந்தால் கஞ்சியை இன்னொரு முறை காய்ச்சி ஊற்றிப் பார்க்கலாம், மயிரிழை அடைபட்டு இன்னும் பல மாதம் ஓடும். அடியில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டால் அடுப்பில் ஏற்ற வேண்டாம், சூடான குழம்போடு பிளந்தால் ஆபத்து. அப்படிப்பட்ட சட்டிகளை என்னிடம் வருகிறவர்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள், வாங்கிக்கொள்கிறேன். உரலில் இடித்து, ரவை அளவுக்குச் சலித்து, மணலுக்குப் பதிலாகப் புது மண்ணில் சேர்த்து மிதிப்பேன். ஏற்கனவே ஒரு முறை சூளையைப் பார்த்த துணுக்கு என்பதால் அது இனிமேல் சுருங்காது, சக்கரத்தில் மணல் அளவுக்கு விரலையும் அறுக்காது. அதை வைத்து வனைந்த சட்டிகள்தான் இப்போது முற்றத்தில் நிழலில் காய்ந்துகொண்டிருக்கின்றன, அடுத்த வாரம் சூளை.